ரத்தசோகை: பள்ளி சார்ட் சொல்லாத கணக்கு

சரிவிகித உணவைப் பற்றி ஒரு சார்ட் வரையாமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிப் படிப்பை முடிப்பதில்லை. ஒருபுறம் உணவு வகைகள், மறுபுறம் சத்துகள், கடைசிக் கட்டத்தில் குறைபாட்டு நோய்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், பி1 குறைந்தால் பெரிபெரி, சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ், அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை, இரும்பு குறைந்தால் ரத்தசோகை. தேர்வில் 'பொருத்துக' பகுதியில் முழு மதிப்பெண் வாங்கித் தரும் சார்ட் இது. ஆனால், அதை வரையும் மாணவிகளில் பலர் அதன் கடைசி வரியில் இருக்கும் நோயோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4%. விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறை சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்று நிபுணர்கள் சொல்வதுண்டு. சரி, குறைத்தே வைத்துக்கொள்வோம். கை நரம்பில் ரத்தம் எடுத்து 2016-18இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட தேசிய ஊட்டச்சத்து ஆய்விலும், 10 முதல் 19 வயதுவரையிலான பெண் பிள்ளைகளில் 40% பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்து பேர் அமரும் ஒரு பெஞ்சில் இருவர்.

ஸ்கர்வியையோ பெரிபெரியையோ இந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. ரத்தசோகையை வீட்டிலேயே பார்க்கிறார்கள். ஆனால், சார்ட்டில் எல்லா நோய்க்கும் ஒரே அளவுக் கட்டம்தான். இரும்புக்கு அந்த ஒரு கட்டம் போதாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரு நோய், ஒரு சத்து

இந்த சார்ட்டின் வேர்களில் ஒன்று நம் நீலகிரியில் இருக்கிறது. 1918இல் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் தலைமையில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. அது வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. எந்த உணவில் என்ன சத்து, எவ்வளவு என்று நாம் இன்று சொல்லும் எண்களுக்கு இந்தியாவில் ஆதாரமாக இருப்பது அந்த நிறுவனத்தின் அட்டவணைதான்.

அந்தக் காலத்து ஆராய்ச்சியின் பெரிய வெற்றி, ஒரு நோய்க்கு ஒரு சத்து என்று கண்டுபிடித்தது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குப் பெரிபெரி வந்தது. நெல்லைப் புழுக்கும்போது பி1 தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசிச் சோறு சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். ஸ்கர்வியைத் தடுக்க ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஒரு கொய்யாத் துண்டில் அது கிடைத்துவிடும். இப்படிப்பட்ட நோய்களுக்கு 'நோய் - சத்து - உணவு' என்ற மூன்று கட்டங்கள் போதுமானவை. சத்தைச் சாப்பிட்டால் நோய் போய்விடும்.

இரும்பு அப்படியில்லை. தட்டில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி உடலுக்குள் நுழைவதே இல்லை. நுழைந்ததிலும் ஒரு பகுதி, பெண்களுக்கு ஒவ்வொரு மாதமும் ரத்தத்தோடு வெளியேறுகிறது. எனவே, எந்த உணவில் இரும்பு என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எவ்வளவு இருக்கிறது? எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம்? எந்த வழியில் இழக்கிறோம்? பள்ளி சார்ட்டில் இந்த மூன்றுக்கும் கட்டம் இல்லை.

சிவப்பு நிறம் செய்யும் மோசடி

முதல் கேள்வியில் இருந்தே தொடங்குவோம். 'ரத்தம் ஊற என்ன சாப்பிடணும்?' என்று எந்த வீட்டில் கேட்டாலும் பீட்ரூட், மாதுளை, ஆப்பிள் என்றுதான் பதில் வரும். பிள்ளைகளின் சார்ட்டிலும் இரும்புச் சத்துக்கு எதிரே இந்தப் படங்களே ஒட்டப்பட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் மாதுளையும் ஆப்பிளும்தான் போகின்றன. நிறத்தைப் பார்த்து நாமே கட்டிக்கொண்ட நம்பிக்கை இது. 100 கிராமில் எவ்வளவு இரும்பு என்று பார்த்தால் நிலைமை வேறு.

| உணவு (சமைக்காத நிலையில் 100 கிராம்) | இரும்பு (மி.கி.) |
|---|---|
| எள் | சுமார் 14 |
| கறுப்புக் கொண்டைக்கடலை | 6.8 |
| கம்பு | 6.4 |
| உளுத்தம்பருப்பு | 4.7 |
| கேழ்வரகு | 4.6 |
| முருங்கைக்கீரை | 4.6 |
| துவரம்பருப்பு | 3.9 |
| பீட்ரூட் | 0.8 |
| தீட்டிய அரிசி | 0.65 |
| மாதுளை | 0.3 |
| ஆப்பிள் | 0.3 |

மாதுளையைவிட அரிசியில் இருமடங்கு இரும்பு இருக்கிறது. அந்த அரிசியிலும் மிகக் குறைவு. மாதுளை நல்ல பழம்தான், சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால், ஒரு கிலோ மாதுளை வாங்கும் காசில் கொண்டைக்கடலையும் எள்ளும் வாங்கினால் இரும்பு பல மடங்கு கிடைக்கும். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், மகள் வெளுத்துப் போயிருக்கிறாள் என்று கவலைப்பட்டு, கைக்காசைப் போட்டு ஆப்பிள் வாங்கிக் கொடுத்தால், அந்தக் காசும் வீண், மாதங்களும் வீண்.

ஒரு நாள் சாப்பாட்டின் கணக்கு

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வயது 13. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13-15 வயதுப் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. இரும்பு தேவை. அதே வயதுப் பையனுக்கு 22 மி.கி. போதும். வளர்ந்த ஆணுக்கு 19. வீட்டிலேயே அதிக இரும்பு தேவைப்படுகிறவள் இந்தப் பெண்தான்.

அவள் சாப்பாடு நமக்கெல்லாம் தெரிந்த சாப்பாடு. காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, கையோடு ஒரு டம்ளர் டீ. மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி மூன்று தோசை. பசியில்லாத நாள்தான், வயிறு நிறைந்திருக்கிறது.

கணக்குப் போடுவோம். இட்லியின் அரிசியும் உளுந்தும் சேர்ந்து சுமார் 1.1 மி.கி. மதியச் சோறு, பருப்பு, கிழங்கு எல்லாம் சேர்ந்து 1.9. ராத்திரித் தோசையில் 1.4. சட்னி, மசாலா, பிஸ்கட் என்று உதிரியாக ஒன்றரை. கூட்டினால் சுமார் 6 மி.கி. தேவை 30, கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு.

அந்த ஆறும் முழுதாக உடலில் சேராது. நம் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் ஏறத்தாழ 8% மட்டுமே குடல் உறிஞ்சும் என்று வைத்துத்தான் பரிந்துரையே கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆக, அவள் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது சுமார் அரை மில்லிகிராம். அவள் உடலோ தினமும் வியர்வை, தோல், குடல் வழியே முக்கால் மி.கி. அளவுக்கு இழக்கிறது. மாதவிடாய் இழப்பை நாட்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் தினமும் இன்னொரு அரை மி.கி. வளர்த்தி எடுக்கும் வயது என்பதால் அதற்கும் கொஞ்சம். மொத்தம் ஒன்றரை மி.கி. செலவு, அரை மி.கி. வரவு. இது ஒரே நாளில் தெரியாது. முதலில் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு கரையும். அது தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். ஹீமோகுளோபின் சோதனையில் 'பரவாயில்லை' என்று வருகிற பெண்களிலும் பலர் சேமிப்பே இல்லாமல் விளிம்பில் நிற்பது இதனால்தான்.

அதே வீடு, வேறு தட்டு

இனி அதே பெண்ணின் தட்டை, அதே வருமானத்தில் மாற்றிப் பார்ப்போம். காலையில் 60 கிராம் கம்பில் கூழோ தோசையோ: 3.8 மி.கி. மதியம் சோறும், கொஞ்சம் கெட்டியான பருப்பும்: இரண்டுக்கும் குறைவு. கூடவே இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை வதக்கியது: 2.7. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 2.7. ஒரு எள்ளுருண்டை: 2.6. ராத்திரி வழக்கம்போல் தோசை: 1.4. உதிரியாக ஒன்று. மொத்தம் சுமார் 16 மி.கி.

முப்பதை இது தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டை இவ்வளவு கவனமாக மாற்றியும் பாதிதான் வந்திருக்கிறது. 'கீரை சாப்பிட்டால் எல்லாம் சரியாகும்' என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால், இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் வேலை வருகிறது: எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம்?

செடிகொடிகளில் இருந்து வரும் இரும்பு, குடலுக்கு எளிதில் வசப்படாத வடிவில் இருக்கிறது. வைட்டமின் சி அதைக் கரையும் வடிவுக்கு மாற்றுகிறது. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், பாதி கொய்யா, பரிமாறும்போது பிழிந்த எலுமிச்சை, இதில் எது இருந்தாலும் உறிஞ்சும் அளவு கணிசமாக உயரும். எலுமிச்சையை அடுப்பில் கொதிக்கவிட்டால் வைட்டமின் சி குறைந்துவிடும் என்பதால் இறக்கிய பிறகு பிழிய வேண்டும். டீ இதற்கு நேர் எதிர். அதில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்துச் சென்றுவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்த வேளைக்கான உறிஞ்சலைப் பாதிக்கு மேல் குறைக்கக்கூடும். காபி சற்றுக் குறைவாகக் கெடுக்கும், அவ்வளவுதான். 2024இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்கின்றன.

இப்போது கணக்கை முடிக்கலாம். 16 மி.கி.யில் 8% என்றால் 1.3. நெல்லிக்காய் சேர்ந்து, டீ ஒரு மணி நேரம் தள்ளிப்போய், உறிஞ்சல் 12% ஆக உயர்ந்தால் 1.9. அவளுடைய ஒன்றரை மி.கி. செலவை வரவு தாண்டிவிட்டது. 30 மி.கி. என்ற பரிந்துரை, அதிகமாக இழக்கும் பெண்களையும் மனதில் வைத்துக் கூடுதலாகப் போடப்பட்ட அளவு. சராசரிப் பெண் ஒருத்திக்கு இந்தத் தட்டு ஈடுகொடுக்கும்.

அசைவம் சாப்பிடுகிற வீடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆட்டு ஈரல், சுவரொட்டி, மீன், இறைச்சி ஆகியவற்றில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி குடலில் நேரடியாக, பல மடங்கு எளிதாகச் சேரும். கூடச் சாப்பிடும் பருப்பு, கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். 'ரத்தம் ஊறும்' என்று கிராமத்துப் பாட்டிகள் சுவரொட்டி வாங்கிவரச் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல. ஆனால், குழம்பில் கிடக்கும் ஈரல் முதலில் யார் இலைக்குப் போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த 13 வயதுப் பெண்ணின் இலைக்கு அல்ல. முட்டை புரதத்துக்கு அருமையான உணவு. அதன் இரும்பு மட்டும் உடலில் அவ்வளவாகச் சேராது.

பச்சரிசி தின்னும் பெண்

நோய் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படியேறினால் மூச்சு வாங்குவது, கவனம் நிற்காமல் சோர்ந்து உட்காருவது, கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளிறியிருப்பது, நகம் மெலிந்து கரண்டிபோல் குழிவது என்று பல அறிகுறிகள் உண்டு. நம் வீடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஓர் அறிகுறியை மட்டும் யாரும் நோயாக நினைப்பதில்லை. பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டு மெல்வது. சிலர் சிலேட்டுக் குச்சி, சாம்பல், செம்மண். 'பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும்' என்று சொல்லி அதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு இப்படி உணவல்லாதவற்றின் மீதும் சமைக்காதவற்றின் மீதும் அடங்காத ஆசை வரும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. இரும்பு கொடுத்தால் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும். மகள் அரிசி டப்பாவைத் திறந்தால் மழையை நினைக்காமல் ரத்தப் பரிசோதனையை நினைக்க வேண்டும்.

பரிசோதனையில் பார்க்க வேண்டிய எண் எளிது. 12 வயது கடந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு 11. ஐந்து முதல் 11 வயது வரை 11.5. ஆண்களுக்கு 13.

ஆனால், எல்லா ரத்தசோகையும் இரும்பால் வருவதில்லை. இதையும் சார்ட் சொல்வதில்லை. முழு ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களின் சராசரி அளவு என்று ஒரு வரி இருக்கும். அணுக்கள் சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. பெருத்திருந்தால் வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவாக இருக்கலாம். பால், முட்டை, மீன் எதுவும் சேர்க்காதவர்களுக்குப் பி12 குறைவது இயல்பு. மூன்று மாதம் ஒழுங்காக இரும்பு மாத்திரை போட்டும் எண் நகராமல் அணுக்கள் சிறுத்தே இருந்தால், பிறவியிலேயே வரும் தலசீமியா பண்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு மேலும் மேலும் இரும்பு கொடுப்பதால் பயனில்லை.

மூன்றாவது கேள்வி, இழப்பு. மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் பெண்ணுக்கு எந்தத் தட்டும் ஈடுகொடுக்காது. டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அடுத்தது கொக்கிப்புழு. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு, குடல் சுவரில் பற்றிக்கொண்டு அன்றாடம் ரத்தம் குடிக்கும். ஆண்டுக்கு இருமுறை பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும், கழிப்பறையும், காலில் செருப்பும் அந்த வகையில் இரும்புச் சத்துக்கான ஏற்பாடுகள்தான்.

குப்பைக்குப் போகும் நீல மாத்திரை

உணவு தடுக்கும், ஏற்கெனவே வந்துவிட்ட ரத்தசோகையை உணவு மட்டும் குணமாக்காது. அதற்கு மாத்திரை வேண்டும், அதுவும் டாக்டர் சொல்கிற அளவில் தினமும், மாதக்கணக்கில். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பை நிரப்பச் சில மாதங்கள் தொடர வேண்டும். 'தெம்பு வந்துவிட்டது' என்று பாதியில் நிறுத்துவதால்தான் ஆறு மாதத்தில் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள்.

வராமல் தடுப்பதற்காக, பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல நிற மாத்திரை தரப்படுகிறது. அதில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. திட்டம் நல்ல திட்டம். ஆனால், கொடுக்கப்படும் மாத்திரையெல்லாம் விழுங்கப்படும் என்று சொல்ல முடியாது. காரணம் பிடிவாதம் அல்ல. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மறுநாள் மலம் கறுத்துப் போகும். இது ஆபத்தில்லை, உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் என்று யாரும் சொல்லாததால் பிள்ளை பயந்துவிடுகிறாள். ஒருத்தி வாந்தி எடுத்தால் வகுப்பே மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிறது.

ரேஷன் அரிசியிலும் இதே கதை. செறிவூட்டப்பட்ட அரிசி என்பது 100 மணிக்கு ஒரு மணி வீதம், அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணி வடிவில் பிழிந்து எடுத்ததைக் கலப்பது. ஒரு கிலோவில் குறைந்தது 28 மி.கி. இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. நம் எட்டாம் வகுப்புப் பெண் மூன்று வேளையும் அந்த அரிசியையே சாப்பிட்டால், அவள் கணக்கில் 7 மி.கி. கூடும். பழைய தட்டின் மொத்த இரும்பைவிட அது அதிகம். ஆனால், நிறம் சற்று மாறித் தண்ணீரில் மிதக்கும் அந்த மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று நினைத்துப் பொறுக்கி எறிகிற வீடுகள் உண்டு. தலசீமியா நோயாளிகள் இத்தகைய அரிசியை டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கடைப் பலகையில் நாலு வரி எழுதிப் போட்டால் இரண்டும் போய்ச் சேரும்.

என்ன செய்யலாம்?

முதலில், சார்ட்டை மாற்றுவோம். ஆறு நோய்களுக்கும் படம் ஒட்டும் வேலைக்குப் பதிலாக, மாணவர் ஒருவருக்கு ஒரே ஒரு சத்து என்று கொடுக்கலாம். கட்டங்கள் ஆறு: சத்து, என் வயதுக்கு எவ்வளவு, எங்கள் தெருக் கடையில் கிடைக்கும் உணவில் எவ்வளவு, எதோடு சேர்த்தால் கூடும், எது கெடுக்கும், குறைந்தால் எப்படித் தெரியும். எண்களைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையில் இருந்து ஆசிரியர் எடுத்துத் தரலாம். கூடவே ஒரு நாள் சாப்பாட்டை எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். வீட்டு வறுமை வகுப்பில் அம்பலமாகக் கூடாது என்பதால், அது கற்பனைக் குடும்பத்தின் சாப்பாடாக இருக்கட்டும்.

உணவு வகைகளுக்கும் அளவு வேண்டும். 2024 வழிகாட்டுதல்கள் 2,000 கலோரித் தட்டுக்கு, தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27, பால் 300 மில்லி என்று சொல்கின்றன. 'ஆற்றல் தரும் உணவு, வளர்ச்சி தரும் உணவு, பாதுகாக்கும் உணவு' என்று மூன்று பெயர்களை எழுதுவதைவிட, சமைக்காத தானியத்தைவிடக் காய்கறி எடை அதிகமாக இருக்க வேண்டும் என்ற ஒரே செய்தி பிள்ளை மனதில் பதிந்தால் போதும்.

இரண்டாவது, பள்ளியில் மாத்திரை கொடுக்கும் நாள். மதியச் சாப்பாடு முடிந்ததும், ஆசிரியர் கண்ணெதிரே, தண்ணீரோடு விழுங்கச் சொல்ல வேண்டும். மலம் கறுக்கும், லேசாகக் குமட்டலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முடிந்தால் ஆசிரியரும் ஒன்று போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகள் கைக்குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தை நாலைந்தை விழுங்கினால் அது விஷம்.

மூன்றாவது, சத்துணவு மையம். சுண்டல் கொடுக்கும் நாளில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் செலவு சொற்பம். நெல்லிக்காய் காலத்தில் ஆளுக்கொரு காய். பள்ளி வளாகத்தில் முருங்கைக் கொம்பு நட்டால் ஒரே வருடத்தில் கீரை பறிக்கலாம். வாரம் இருமுறை சாம்பாரில் அந்தக் கீரை போகட்டும்.

நான்காவது, வீடு. டீயைச் சாப்பாட்டில் இருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் சுண்டல், ஒரு டப்பா எள்ளுருண்டை. குழம்பில் ஈரல் இருந்தால் முதல் துண்டு மகளுக்கு. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதீர்கள். இரும்பு உறிஞ்சப்படுவதைக் கால்சியம் தடுக்கும்.

ஐந்தாவது, அரசு. ஆறாம் வகுப்பில் இருந்து ஒவ்வொரு மாணவிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்து, அந்த எண்ணை அவளிடமும் பெற்றோரிடமும் மட்டும் கொடுக்க வேண்டும். 12க்குக் கீழே இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாதவர்களுக்கு முழு ரத்தப் பரிசோதனை. எத்தனை மாத்திரை விநியோகம் ஆனது என்ற கணக்கோடு, எத்தனை பேருக்கு எண் ஏறியது என்ற கணக்கையும் பள்ளிவாரியாகக் கேட்டால்தான் திட்டம் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்.